ஒட்டுறவுக் கெழுவும் சாய்வும் ஒன்றா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் வேளாண்மை படிக்கும் பிள்ளைகளும், வயல் விவரங்களை எக்செல்லில் வைத்துக்கொண்டு கோடு போட்டுப் பார்ப்பவர்களும் என்னிடம் மாறி மாறிக் கேட்பவை இவை. எல்லாப் பதில்களிலும் ஒரே ஐந்து வயல்கள்தான் வரும். அந்த எண்கள் கணக்குக்காக நான் போட்டவை, யாருடைய உண்மையான அறுவடையும் அல்ல. கணக்கை நீங்களே பேனாவால் போட்டுப் பார்க்கலாம், சுலபமாக வரும்படிதான் வைத்திருக்கிறேன்.

"r-உம் சாய்வும் ஒண்ணுதானே சார்? ரெண்டுமே ஏறுதா இறங்குதான்னுதானே சொல்லுது?"

ஏறுகிறதா இறங்குகிறதா என்பதில் மட்டும் இரண்டும் ஒத்துப்போகும். ஒன்று கூட்டல் குறி என்றால் மற்றதும் கூட்டல், ஒன்று பூஜ்யம் என்றால் மற்றதும் பூஜ்யம். அதைத் தாண்டி இரண்டும் சொல்லும் சேதி வேறு.

சாய்வு என்பது ஒரு விகிதம்: யூரியா ஒரு கிலோ கூடினால் விளைச்சல் சராசரியாக எத்தனை மூட்டை கூடுகிறது. ஒட்டுறவுக் கெழுவான r, புள்ளிகள் ஒரு நேர்கோட்டை எவ்வளவு நெருக்கமாக ஒட்டி நிற்கின்றன என்பதைச் சொல்கிறது. r எப்போதும் −1-க்கும் +1-க்கும் இடையில்தான் இருக்கும். சாய்வுக்கு அப்படி எல்லை எதுவும் கிடையாது, 0.002 ஆகவும் இருக்கலாம், 500 ஆகவும் இருக்கலாம்.

"ஒரு கணக்கைப் போட்டே காட்டுங்களேன்."

குறுவையில் ஐந்து வயல்கள். ஏக்கருக்குப் போட்ட யூரியா கிலோவில் (x), ஏக்கர் விளைச்சல் 60 கிலோ மூட்டையில் (y).

| வயல் | யூரியா (x) | மூட்டை (y) |
|---|---|---|
| 1 | 40 | 24 |
| 2 | 50 | 28 |
| 3 | 60 | 26 |
| 4 | 70 | 32 |
| 5 | 80 | 30 |

யூரியாவின் சராசரி 60, விளைச்சலின் சராசரி 28. ஒவ்வொரு எண்ணும் தன் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று எழுதுங்கள். யூரியாவுக்கு −20, −10, 0, 10, 20. விளைச்சலுக்கு −4, 0, −2, 4, 2. இந்த விலகல்களிலிருந்து மூன்றே மூன்று கூட்டுத்தொகை போதும். யூரியா விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 1000. விளைச்சல் விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 40. ஒவ்வொரு வயலிலும் இரண்டு விலகல்களையும் பெருக்கிக் கூட்டினால் 80 + 0 + 0 + 40 + 40, அதாவது 160.

சாய்வு = 160 / 1000 = 0.16. r = 160 / √(1000 × 40) = 160 / 200 = 0.8. மேலே இருக்கும் 160 இரண்டுக்கும் பொது, அதனால்தான் குறி மாறுவதில்லை. வித்தியாசம் முழுவதும் கீழே இருக்கிறது. சாய்வு யூரியாவின் பரவலால் மட்டும் வகுக்கிறது, r இரண்டின் பரவலாலும் வகுக்கிறது. கீழே வரும் எல்லாப் பதில்களும் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் கிளைக்கின்றன.

"r 0.8 வந்திருக்கு. அப்போ ஒரு கிலோ யூரியாவுக்கு 0.8 மூட்டை கூடும்னு எழுதலாமா?"

கூடாது. அப்படி எழுதினால் விளைச்சலை ஐந்து மடங்கு ஊதிச் சொன்னதாகிவிடும். ஒரு கிலோவுக்கு 0.16 மூட்டை, அதாவது ஆறு கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு மூட்டை என்பதுதான் சரி. 0.8-க்கு மூட்டையும் இல்லை, கிலோவும் இல்லை, அது அலகே இல்லாத எண்.

அலகோடுதான் வேண்டும் என்றால் 0.8-ஐ இப்படி வாசிக்கலாம்: யூரியா தன் திட்ட விலக்கத்தில் ஒரு மடங்கு கூடினால், விளைச்சல் தன் திட்ட விலக்கத்தில் 0.8 மடங்கு கூடுகிறது. இங்கே யூரியாவின் திட்ட விலக்கம் 15.8 கிலோ, விளைச்சலின் திட்ட விலக்கம் 3.16 மூட்டை. ஆக 15.8 கிலோ கூடினால் சுமார் 2.5 மூட்டை. 2.5-ஐ 15.8-ஆல் வகுத்துப் பாருங்கள், திரும்பவும் 0.16 வரும்.

"அப்போ ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணை எடுக்க சூத்திரம் இருக்கா?"

இப்போது வாசித்ததையே எழுதினால் அதுதான் சூத்திரம்:

```
b = r × (sy / sx)
r = b × (sx / sy)
```

b சாய்வு, sy விளைச்சலின் திட்ட விலக்கம், sx யூரியாவின் திட்ட விலக்கம். நம் வயல்களில் sy / sx = 3.16 / 15.8 = 0.2. ஆகவே 0.8 × 0.2 = 0.16. r மட்டும் தெரிந்தால் சாய்வைச் சொல்ல முடியாது, சாய்வு மட்டும் தெரிந்தால் r-ஐச் சொல்ல முடியாது. நடுவில் இருக்கும் இந்தப் பரவல் விகிதமும் கையில் வேண்டும். ஒரு அறிக்கையில் "r = 0.8" என்று மட்டும் போட்டுவிட்டு உரச் சிபாரிசு எழுதியிருந்தால், அந்தச் சிபாரிசு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

"மூட்டையைக் கிலோவா மாத்தினா என்ன ஆகும்? எங்க ஊர்ல மா கணக்குதான், அதுல போட்டா?"

மூட்டையைக் கிலோவாக்கினால் சாய்வு 60 மடங்காகும்: ஒரு கிலோ யூரியாவுக்கு 9.6 கிலோ நெல். யூரியாவை 45 கிலோ மூட்டைக் கணக்கில் வைத்தால், ஒரு மூட்டை யூரியாவுக்கு 7.2 மூட்டை நெல். யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம், அதனால் தழைச்சத்துக் கணக்கில் ஒரு கிலோவுக்குச் சுமார் 20.9 கிலோ நெல். வயல் அதே வயல், சாய்வு மட்டும் 0.16, 9.6, 7.2, 20.9 என்று வேஷம் மாற்றுகிறது. r எல்லாவற்றிலும் 0.8-தான். அலகு மாறும்போது விலகலும் திட்ட விலக்கமும் ஒரே மடங்கில் மாறுவதால் வகுக்கும்போது அடிபட்டுவிடுகிறது.

மா கணக்கு கொஞ்சம் வேடிக்கையானது. மூன்று மா ஒரு ஏக்கர். ஏக்கருக்கு இருந்த யூரியாவையும் விளைச்சலையும் இரண்டையுமே மாவுக்கு மாற்றினால் இரண்டும் மூன்றால் வகுபடும், சாய்வு 0.16 ஆகவே நிற்கும். கோடு செங்குத்து அச்சை வெட்டும் இடம் மட்டும் 18.4-லிருந்து 6.13-க்கு இறங்கும். ஒன்றை மாவிலும் மற்றதை ஏக்கரிலும் விட்டுவிட்டால்தான் வம்பு. சாய்வு மூன்று மடங்கு தப்பாக வரும், r அப்போதும் சாதுவாக 0.8 காட்டும். அலகுக் குளறுபடியை r காட்டிக்கொடுக்காது.

"r பெருசுன்னா கோடு செங்குத்தா நிக்கும், சின்னதுன்னா படுத்துக்கும், சரியா?"

இல்லை. நம் ஐந்து வயல்களும் கல்லணைக்குக் கிட்ட, திருவையாறு பக்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இதே யூரியா அளவுகளோடு தலைஞாயிறு பக்கம் கடைமடையில் ஐந்து வயல்கள். ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தாலும் அங்கே தண்ணீர் போய்ச் சேர நாளாகும், ஒரு வாய்க்காலுக்கு வரும், அடுத்ததற்கு வராது. அதனால் விளைச்சல் தாறுமாறாக ஆடுகிறது: 22.4, 31.2, 22, 36.8, 27.6 மூட்டை. சராசரி இங்கேயும் 28. விலகல்களைப் பெருக்கிக் கூட்டினால் இங்கேயும் 160. ஆகவே சாய்வு அதே 0.16. ஆனால் விளைச்சல் விலகல்களின் வர்க்கக் கூட்டுத்தொகை 40-லிருந்து 155.2-க்கு ஏறிவிட்டது. r = 160 / √(1000 × 155.2), அதாவது 0.41.

r பாதியாகிவிட்டதே என்று பார்த்துவிட்டு, "கடைமடையில் யூரியா பாதிதான் வேலை செய்கிறது" என்று எழுதுபவர்கள் நிறையப் பேர். இந்த எண்களில் யூரியாவின் பலன் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். கடைமடையில் மற்ற காரணங்களால் வரும் ஆட்டம் மும்மடங்கு, அவ்வளவே.

மறுபக்கமும் உண்டு. விளைச்சல் 26, 28, 27, 30, 29 என்று இருந்தால் r 0.8, ஆனால் சாய்வு 0.08. நெருக்கம் அதே, பலன் பாதி. r = 1 ஆகவே இருந்தாலும் கோடு கிட்டத்தட்ட படுத்துக் கிடக்கலாம்.

"x-ஐயும் y-ஐயும் மாத்திப் போட்டேன். 0.16-ஐத் திருப்பினா 6.25 வரணும், ஆனா 4 வருது. எக்செல் தப்பா?"

எக்செல் சரி. யூரியா A பத்தியிலும் மூட்டை B பத்தியிலும் இருந்தால்:

```
=SLOPE(B2:B6, A2:A6)
=SLOPE(A2:A6, B2:B6)
=CORREL(B2:B6, A2:A6)
```

முதலாவது 0.16, இரண்டாவது 4, மூன்றாவது 0.8. SLOPE-ல் முதலில் வருவது கணிக்கப்படும் அளவு, அதாவது y. இந்த வரிசையைத் தப்பாகப் போட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது, வேறொரு சாய்வுதான் வரும். CORREL-ல் எப்படி மாற்றிப் போட்டாலும் அதே விடைதான்.

சாய்வு ஏன் திரும்புவதில்லை? முதல் கோடு, யூரியாவை வைத்து விளைச்சலைக் கணிக்கும்போது வரும் தவறைக் குறைக்கிறது, மேலும் கீழுமாக அளந்த தவறு. இரண்டாவது கோடு, விளைச்சலைப் பார்த்து யூரியா எவ்வளவு போட்டிருப்பார்கள் என்று ஊகிக்கும்போது வரும் தவறைக் குறைக்கிறது, இடம் வலமாக அளந்த தவறு. கேள்வியே வேறு, ஆகவே கோடும் வேறு. புள்ளிகள் எல்லாம் ஒரே கோட்டில் அச்சாக உட்கார்ந்தால்தான், அதாவது r = ±1 என்றால்தான், இரண்டு கோடும் ஒன்றாகும்.

இரண்டு சாய்வுகளையும் பெருக்குங்கள்: 0.16 × 4 = 0.64. அது 0.8-இன் வர்க்கம். எப்போதும் இப்படித்தான் வரும், பெருக்குத்தொகை r². உங்கள் இரண்டு சாய்வுகளின் பெருக்கம் 1-ஐத் தாண்டினால் எங்கோ கணக்கு பிசகியிருக்கிறது என்று அர்த்தம். தேர்வுத் தாளில் "இரண்டு தொடர்புப் போக்குக் கோடுகள் தரப்பட்டுள்ளன, எது எதன் மீது?" என்ற கேள்விக்கு இந்தச் சோதனைதான் சாவி.

"ரெண்டும் சமமா வர்ற இடமே கிடையாதா?"

உண்டு. முந்தைய சூத்திரத்தில் sy-யும் sx-உம் சமமானால் b = r. எந்தத் தரவிலும் இதை வேண்டுமென்றே செய்யலாம். ஒவ்வொரு எண்ணிலிருந்தும் அதன் சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் வகுத்துவிட்டுக் கோடு போட்டால் சாய்வாக வருவது r-தான். x, y மாற்றினாலும் அதே.

சொல்லப்போனால் r பிறந்ததே இப்படித்தான். ஃபிரான்சிஸ் கால்டன் 1886-ல் 205 பெற்றோர் இணைகள், அவர்களின் 928 வளர்ந்த பிள்ளைகள் ஆகியோரின் உயரங்களை வைத்து வெளியிட்டார். பெற்றோரின் சராசரி உயரத்தை வைத்துப் பிள்ளையைக் கணித்தால் சாய்வு 2/3. பிள்ளையை வைத்துப் பெற்றோரைக் கணித்தால் 1/3. ஒரே உறவுக்கு இரண்டு எண்கள். காரணம், இரண்டு பேரின் உயரத்தைச் சராசரி எடுக்கும்போது பரவல் சுருங்கிவிடுகிறது. 1888-ல் அவர் ஒவ்வொரு அளவையும் அதனதன் பரவலால் வகுத்துப் பார்த்தார், இரண்டு திசையிலும் ஒரே எண் கிடைத்தது. கால்டனின் சாய்வுகளைப் பெருக்கினால் 2/9, அதன் வர்க்கமூலம் சுமார் 0.47. நாம் இன்று பள்ளியில் போடும் சூத்திரத்தைக் கார்ல் பியர்சன் 1896-ல் சீர்செய்து கொடுத்தார்.

"நடுவுல இருக்கற மூணு வயலை மட்டும் எடுத்தேன், r விழுந்துடுச்சு. தரவு கெட்டுப்போச்சா?"

தரவில் கோளாறு இல்லை. 50, 60, 70 கிலோ போட்ட வயல்களில் விளைச்சல் 28, 26, 32. சாய்வு 0.2 வருகிறது, 0.16-ஐ விடக் கொஞ்சம் அதிகம். r மட்டும் 0.8-லிருந்து 0.65-க்கு இறங்குகிறது. மூன்று புள்ளிகள் என்பதால் எண்களைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் போக்கு பொதுவானது. யூரியாவின் வீச்சைக் குறுக்கினால் யூரியாவால் வரும் ஏற்ற இறக்கம் குறைகிறது. மழை, பூச்சி, மண் தரும் ஆட்டம் அப்படியே நிற்கிறது. நெருக்கம் தளர்ந்தது போல r காட்டுகிறது. உறவு நேர்கோடாக இருக்கும்வரை சாய்வு சராசரியில் மாறாது.

அதனால் இரண்டு ஊர்களை ஒப்பிடும்போது r-களை ஒப்பிடுவது ஆபத்து. ஒரு ஊரில் எல்லாரும் 55-லிருந்து 65 கிலோவுக்குள் போடுகிறார்கள், இன்னொரு ஊரில் 30-லிருந்து 90 வரை போடுகிறார்கள் என்றால், r வித்தியாசம் அந்தப் பழக்கத்தைத்தான் காட்டும், மண்ணை அல்ல. சாய்வுகளை ஒப்பிடுங்கள், பக்கத்தில் யூரியாவின் வீச்சையும் எழுதுங்கள். வீச்சுக்கு வெளியே கோட்டை நீட்டாதீர்கள். தழைச்சத்து அளவுமீறினால் பயிர் சாய்ந்துவிடும், அப்புறம் நேர்கோடும் இல்லை, மூட்டையும் இல்லை.

"யூரியா அளவை விவசாயிகள் ஞாபகத்துல இருந்து சொன்னாங்க. எது கெடும், r-ஆ சாய்வா?"

இரண்டும் கெடும். இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும், ஏனென்றால் விளைச்சல் பக்கத்தில் பிழை இருந்தால் அப்படி நடப்பதில்லை. எடைமேடையில் மூட்டை ஒரு வயலுக்குக் கொஞ்சம் கூடவும் இன்னொன்றுக்குக் கொஞ்சம் குறைவாகவும் காட்டினால், அது கடைமடை உதாரணம் மாதிரிதான். r சுருங்கும், சாய்வு சராசரியில் அதே இடத்தில் இருக்கும், நிச்சயம் மட்டும் குறையும்.

யூரியா பக்கத்தில் பிழை இருந்தால், போடாத பரவல் ஒன்று x-ல் சேர்ந்துகொள்கிறது. சாய்வு x-இன் பரவலால் வகுக்கிறது அல்லவா, அது வீங்கினால் சாய்வு இளைக்கும். நம் உண்மையான யூரியா எண்களின் திட்ட விலக்க வர்க்கம் 250. ஞாபகப் பிழை அதன்மேல் 62.5 சேர்த்தால் 312.5. 250 / 312.5 = 0.8. எனவே சாய்வு 0.16 × 0.8 = 0.128-க்கு இறங்கும் என்று எதிர்பார்க்கலாம். r அந்த 0.8-இன் வர்க்கமூலத்தால், அதாவது 0.89-ஆல் பெருக்கப்பட்டு 0.72 ஆகும். சாய்வுக்குத்தான் அடி பலம். இது பிழை அங்குமிங்கும் சமமாகச் சிதறினால் உண்டாகும் கணக்கு. எல்லாரும் ஒரே மாதிரி பத்து கிலோ குறைத்துச் சொன்னால் r-உம் மாறாது, சாய்வும் மாறாது, கோடு நகர்ந்து நிற்கும்.

இதைத் தரவை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சில பேரிடம் உரக்கடை ரசீதைக் கேட்டு வாங்கி, அவர்கள் சொன்னதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வழி.

"சாய்வுக்குப் போட்ட சோதனையும் r-க்குப் போட்ட சோதனையும் ஒரே விடை தருது. அப்போ ரெண்டும் ஒண்ணுன்னுதானே ஆகுது?"

விடை ஒன்றாக வருவது சரியே. r-க்கு t = 0.8 × √3 / √(1 − 0.64) = 2.31. சாய்வுக்கு அதன் திட்டப் பிழை 0.0693, 0.16-ஐ அதனால் வகுத்தாலும் 2.31. ஆனால் அந்தச் சோதனை கேட்பது "பூஜ்யமா, இல்லையா?" என்பதை மட்டும். முதல் பதிலில் சொன்ன மாதிரி, பூஜ்யத்தில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. பூஜ்யம் இல்லை என்றான பிறகு எவ்வளவு என்ற கேள்வியில் பிரிந்துவிடுகின்றன.

போகிறபோக்கில் ஒன்று. ஐந்து வயலுக்கு 5 சதவீத அளவில் t 3.18-ஐத் தாண்ட வேண்டும். 2.31 தாண்டவில்லை. r 0.8 என்றதும் துள்ளிக் குதிப்பவர்கள் இதைக் கவனிக்கவும். ஐந்து வயலில் 0.8 சும்மாவே வந்துவிடக்கூடும்.

"தண்ணி வந்த நாளையும் சேர்த்துப் போட்டேன். யூரியாவுக்கு r கழித்தல்ல இருக்கு, சாய்வு கூட்டல்ல வருது. குறி மாறாதுன்னு சொன்னீங்களே?"

குறி மாறாது என்பது ஒரே ஒரு x இருக்கும்போது மட்டும். இரண்டு காரணிகளைச் சேர்த்துக் கோடு போட்டால், யூரியாவின் சாய்வு "தண்ணீர் ஒரே நாளில் வந்த வயல்களுக்குள்ளே யூரியா கூடினால் என்ன ஆகிறது" என்று சொல்கிறது. தனி r அதைச் சொல்வதில்லை, எல்லா வயல்களையும் ஒரே கூடையில் போட்டுப் பார்க்கிறது. b = r × (sy / sx) என்ற சூத்திரமும் இங்கே செல்லாது.

உங்கள் தரவில் நடந்தது இப்படி இருக்கலாம். தண்ணீர் தாமதமாக வந்த வயலில் பயிர் மஞ்சளடித்தது, பார்த்தவர்கள் மேலுரமாக யூரியாவை அள்ளி வீசினார்கள். விளைச்சல் எப்படியும் குறைந்தது, தண்ணீரால். அதனால் யூரியா அதிகமான வயல்களில் விளைச்சல் குறைவு, r கழித்தல். தண்ணீர் நாளைப் பிரித்து வைத்ததும் யூரியாவின் சொந்தப் பலன் தலைகாட்டுகிறது, சாய்வு கூட்டல். சரிபார்க்க, தண்ணீர் வந்த வாரத்தை வைத்து வயல்களை இரண்டு மூன்று குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனியாகப் புள்ளி வரைபடம் போடுங்கள். குழுவுக்குள் புள்ளிகள் மேலே ஏறி, குழுக்கள் மட்டும் வலப்பக்கமாகக் கீழே இறங்கிக்கொண்டே போனால் காரணம் இதுதான். குழுவுக்குள்ளும் இறங்கினால் வேறு எதையோ விட்டிருக்கிறீர்கள். முதலில் மண்ணின் உப்பைப் பாருங்கள், கடலோரக் கடைமடையில் அதுதான் அடிக்கடி விடுபடுகிறது.